கேன் தண்ணிக் கணக்கு

ஒரகடத்தில் எங்கள் ரூமுக்கு இருபது லிட்டர் கேன் 40 ரூபாய். எதிர் மேன்ஷனுக்கு 30. அதே தண்ணி, அதே வண்டி! பி.காம். ரத்தம் கொதிக்க, கேன் போடும் அண்ணனை மடக்கினேன்.

"தண்ணிக்கா காசு வாங்குறேன் தம்பி? பிளான்ட்ல ரொப்ப ஏழு ரூபாதான். குட்டியானைல 35 கேன் ஏத்துனா 700 கிலோ. ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து வந்து போக டீசல், ஆள் கூலி 700 ரூபா. எல்லாம் வித்தா கேனுக்கு இருபது. இருபது கேனோட நின்னா முப்பத்தஞ்சு!"

"அதுக்கு?"

"மேன்ஷன்ல ஒரே நிறுத்தத்துல பத்து இறங்குது, மறுநாளே காலி கேன் திரும்புது. நீங்க ரெண்டு பேரு, ஒத்தைக் கேன், மூணாவது மாடி. அதுவும் நாலு நாள் உங்ககிட்டயே தூங்குது. அங்கன்னா அது நாலு தடவை சம்பாதிச்சிருக்கும்."

ஸ்டாக் டர்ன்ஓவர்! காலேஜில் மண்டையில் ஏறாத பாடம், லுங்கியோடு தெருவில் நின்றபோது ஏறியது.

மாடியிலிருந்த மற்ற ரூம்காரர்களையும் சேர்த்தேன். திங்கள், வியாழன் ஆறாறு கேன், மாடிப்படிக்கு அடியிலேயே இறக்கம். 32 ரூபாய்க்கு இறங்கி வந்தார்.

மேலே தூக்குவது யார் என்பதில்தான் இப்போது ரூமில் தகராறு.