பூனாகலை ரோட்டில் ஒரு பஞ்சர் கடை போட என்னென்ன சாமான் வேண்டும்?

 

பூனாகலை ரோட்டோரம் புதிதாகத் திறந்திருக்கும் பஞ்சர் கடையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். "நம்ம பையனுக்கும் இப்படி ஒன்னு போட்டுக் குடுக்க என்ன சாமான் வேணும் சேர்?" என்று பெற்றோரும் கேட்கிறார்கள். எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து கைமாற்றாகக் கொடுத்த காசில், எங்களிடம் படித்த பிள்ளை போட்ட கடை அது. பண்டாரவளையில் ஒரு டயர் கடையில் இரண்டு வருடம் வேலை பழகியவன். வேலை பழகாத பிள்ளைக்குச் சாமான் வாங்கிக் கொடுத்துப் பலனில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடை ஓடாவிட்டால் அவனும் மற்றப் பிள்ளைகளைப் போல கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு சாமானையும் பேசிப் பேசித்தான் வாங்கினோம்.

கையில் இருந்த காசில் பாதிக்கு மேல் கொம்ப்ரசருக்கே போனது. "பெரிசா எடுத்தா லொறிக்கும் காத்து அடிக்கலாம் தானே சேர்" என்றான். அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆட்டோ டயரின் உள்ளே ஏறக்குறைய 7 லீற்றர் இடம் இருக்கிறது. அதை 30 பவுண்டுக்கு ஏற்ற 20 லீற்றர் வெளிக்காற்றுப் போதும். பைக் டயருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 50 லீற்றர் டேங்கை 8 பார் வரை நிரப்பி வைத்து, அது 4 பாருக்கு இறங்கும் வரை அடித்தால் 200 லீற்றர் காற்றுக் கிடைக்கும். அதாவது கரண்ட் போன பிறகும் எட்டுப் பத்துச் சில்லுக்கு அடிக்கலாம். காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போய்விடும் நம் ஊருக்கு இது பெரிய விஷயம். பெரிய லொறி டயர் ஒன்றுக்கோ 500 லீற்றருக்கு மேல் வேண்டும். இந்த ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் ஆட்டோவும் பைக்கும் தானே. ஆகவே 2 குதிரைவலு மோட்டரும் 50 லீற்றர் டேங்கும் உள்ளதை எடுத்தோம்.

வாங்கும்போது கடையிலேயே ஓட விட்டுப் பாருங்கள். டேங்க் நிரம்பி மோட்டர் நிற்கும்போது சுவிட்சுப் பக்கம் 'புஸ்' என்று கொஞ்சம் காற்றுப் போக வேண்டும். மோட்டரின் தலைக்கு மேல் தங்கிய அழுத்தம் அப்போதுதான் விடுபடும். அது போகாவிட்டால் அடுத்த முறை மோட்டர் சுமையோடு கிளம்ப வேண்டிவரும். அந்தச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் டேங்க் பக்கத்து வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். மாலையில் லயத்துப் பக்கம் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்போது மோட்டர் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகினால் உடனே நிறுத்திவிட வேண்டும். விட்டுப் பார்த்தால் சுருள் எரிந்துவிடும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தாலும் இதே கதைதான். வயரைத் தடிப்பாகவும் குட்டையாகவும் போட்டு, காற்றுக் குழாயை நீளமாக வாங்கினோம். தினமும் கடை சாத்தும்போது டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கிறான். நம் ஊர்ப் பனிக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் வரும். விட்டால் டேங்க் உள்ளே துருப்பிடித்து மெலியும்.

ஆயுதங்களில் அதிகம் இல்லை. டயர் லிவர் மூன்று, ரிங் ஸ்பேனர் செட், சொக்கட் செட், வால்வுச் சாவி, குறடு, அரம், சின்ன உருளை, காற்று அளக்கும் கேஜ், போத்தல் ஜாக், பழைய பேசின் ஒன்று. கேஜை மலிவில் வாங்க வேண்டாம். மற்ற வேலை எல்லாம் சரியாக இருந்தும் காற்று குறைந்து போனால் அதே வண்டி திரும்பி வரும். காசு கொடுக்காமல் கிடைத்தவை இரண்டு நல்ல மரக்கட்டைகள். நம் ரோட்டில் சமதரை எங்கே இருக்கிறது? ஜாக் போடுவதற்கு முன் மற்றச் சில்லுக்குக் கட்டை கொடுக்காவிட்டால் வண்டி ஜாக்கை விட்டு இறங்கிவிடும்.

ஆட்டோ சில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் ரிம் இரண்டு பாதியாக இருக்கிறது, போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். வண்டியோடு பிடிக்கும் நட் வேறு, பாதிகளைப் பிடிக்கும் நட் வேறு. காற்று உள்ளே இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும். வால்வின் உள் ஊசியைக் கழற்றி, டயரைக் காலால் மிதித்துப் பார்த்த பிறகுதான் அந்த நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும் என்பது அவனோடு நாங்கள் பேசி வைத்த கட்டளை.

இனி ஸ்டொக். பெச்சும் சொலூஷனும்தான் அதிகம் வேண்டும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். அவன்தான் டியூபைக் கூடுதலாக எடுக்கச் சொன்னான். காரணம் நம் ரோடு. காற்றுக் குறைவாக ஓடி ஒரு குழியில் விழுந்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும், பாம்பு கடித்தது போலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழும். காற்றுக் குறைந்த வண்டி இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து வரும்போது டயர் ரிம்மில் நகரும், டியூபையும் இழுக்கும், வால்வு அடியில் கிழியும். வால்வடிக் கிழிசலுக்குப் பெச் நிற்காது, புது டியூப்தான். ஆட்டோவுக்கு 4.00-8 டியூப் நாலு, பைக்குக்கு 2.75-18, 3.00-18, 3.00-17 அளவுகளில் இரண்டிரண்டு எடுத்தோம். வால்வு ஊசி, மூடி, டியூப்லெஸ் டயருக்குக் குச்சியும் அதைச் செருகும் ஊசியும் கொஞ்சம். டயர் எடுக்கவே இல்லை. விற்காமல் தொங்கும் ஒரு டயர், கடனில் ஒரு மாதத் தவணையை விழுங்கிவிடும்.

பெச் ஒட்டுவதிலும் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, பனிமூட்டம். சொலூஷன் காயும்போது றப்பர் குளிரும். ஈரக்காற்று அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும். மேலே ஒட்டினால் அன்றைக்குப் பிடித்தது போல இருக்கும், சில நாளில் ஓரம் கிளம்பிக் காற்று மெதுவாக இறங்கும். அதனால் அரத்தால் பெச்சைவிட ஒரு விரல் அகலமாகச் சுரண்டி, துணியால் துடைத்து, டியூபைக் குண்டு பல்ப் பெட்டிக்குள் சற்று வெதுவெதுப்பாக்கிய பிறகே சொலூஷனை மெல்லிசாகத் தடவுகிறான். சொலூஷன் டின்னை பல்ப் பெட்டிப் பக்கமே கொண்டு போவதில்லை, அது எளிதில் தீப்பிடிக்கும். விரலின் புறத்தால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். வெயில் நாளில் ஐந்து நிமிஷம், பனி நாளில் அதைவிட இரண்டு மடங்கு. பிறகு நடுவில் இருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்த வேண்டும். இவ்வளவு செய்தும் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்காமல் மாட்டினால், குத்திய ஆணியே மறுபடி குத்தும். அவசரப்படுத்தும் அண்ணன்மார் தயவுசெய்து அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுங்கள்.

இடம் பார்த்தபோது வெட்டிய மண் மேட்டுக்கு அடியில் வேண்டாம் என்று தள்ளிப் போட்டோம். 2023 மார்ச்சில் கபரகலையில் மண் சரிந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. தோட்டக் காணி என்பதால் நிர்வாகத்தின் கடிதமும் எடுத்தே கொட்டகை போட்டோம்.

கடைசியாக லொறி, டிராக்டர் ஓட்டும் சகோதரர்களுக்கு. உங்கள் சில்லில் வளையம் போட்ட ரிம் இருந்தால் அவன் தொட மாட்டான். கொம்ப்ரசர் திணறும் என்பது சின்னக் காரணம்தான். அந்த வளையம் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் குண்டு போலப் பறக்கும், ஆளைக் கொல்லும். அதற்கு இரும்புக் கூண்டு வேண்டும், அவனிடம் இல்லை. பண்டாரவளைக்குக் கொண்டு போங்கள் என்று அவன் சொன்னால் கோபிக்காதீர்கள், நாங்கள்தான் அப்படிச் சொல்லச் சொன்னோம்.