மாதக் கடைசி வரிசை

மாதத்தின் கடைசி வர்த்தக நாள் மாலையில், நிஃப்டி 200 பங்குகளை எக்செல்லில் 12 மாத ஏற்ற வீதப்படி வரிசைப்படுத்துவேன். கணக்கு எளிது. ஓராண்டுக்கு முன் 400 ரூபாயாக இருந்த பங்கு இன்று 620 என்றால், 55 சதவீதம். முதல் பத்தை வாங்குவேன்.

சிக்கல் விற்பதில்தான். பதினோராம் இடத்துக்கு இறங்கியதுமே விற்றால், அடுத்த மாதமே அது எட்டாவதாக வந்து நிற்கும். தரகுக் கட்டணம் போகும், லாபம் இருந்தால் அதில் 20 சதவீதம் குறுகிய கால வரியும் போகும். அதனால் இருபதாம் இடத்தைத் தாண்டினால்தான் விற்கிறேன்.

விலைப்பட்டியலும் ஏமாற்றும். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது; விலை பாதியானது. பழைய விலைகளைச் சரிசெய்யாத பட்டியலில் அது படுவீழ்ச்சியாகத் தெரியும். பெரிய நிறுவனம் ஒன்று திடீரென அடியில் கிடந்தால், முதலில் போனஸ் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று: வரிசையில் முதலிடம் என்றால் ஏறுகிறது என்று அர்த்தமில்லை, மற்றவற்றைவிடக் குறைவாக இறங்கியிருக்கலாம். ஏற்ற வீதம் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள பங்கை நான் வாங்குவதில்லை. அந்தப் பங்குக்கான பணம் லிக்விட் ஃபண்டில் இருக்கட்டும்.