சின்ன லீக்கில் பெரிய லாபமா?

பெரிய மார்க்கெட்டை எல்லோரும் கவனிக்கிறார்கள், அதனால் அங்கே விலை சரியாக இருக்கும்; சின்ன மார்க்கெட்டை யாரும் சீண்டுவதில்லை, அங்கேதான் தப்பு விலை மாட்டும். ஷேர் வாங்கி விற்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கும் வசனம் இது. விளையாட்டுப் பந்தயத்திலும் இதே வசனம் ஓடுகிறது. பிரீமியர் லீக்கில் புக்கியை ஜெயிக்க முடியாது, ஐந்தாவது டிவிஷனுக்குப் போ என்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் காசு கரைகிறது.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. இங்கே அகமதாபாத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு திருநெல்வேலி நண்பர். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பையன் இங்கிலாந்துக் கீழ் டிவிஷன் ஆட்டங்களை வைத்து எக்செல்லில் கணக்குப் போட்டு, லாபம் நிச்சயம் என்று அப்பாவிடம் இரண்டு லட்சம் கேட்டிருக்கிறான். லீட்ஸில் இருக்கும் அத்தை மகன் பெயரில் பந்தயம் போடுவதாகத் திட்டம். "அண்ணாச்சி, நீங்க பேங்க்காரரு, கணக்கைப் பாத்துச் சொல்லுங்க" என்று நண்பர் ஷீட்டோடு வந்துவிட்டார். அவருக்கு அது ரிடையர்மென்ட் பணம்.

முதலில் சட்டம். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவது குற்றம், அதற்கான பணத்தை வங்கிகள் அனுப்பவும் கூடாது. லீட்ஸுக்கு அனுப்பினால்? அதற்கும் 2000-லேயே அந்நியச் செலாவணி விதிகளில் தடை உண்டு. லாட்டரிச் சீட்டோடு சேர்த்து "ஃபுட்பால் பூல்ஸ்" என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள்! இதை நான் சொன்னதும் பையன், "அது சரி மாமா, ஆனா கணக்கு தப்பில்லையே?" என்றான். நியாயமான கேள்வி. அதனால் கணக்குக்கே போவோம்.

இங்கிலாந்தில் மேலே 20 அணிகளோடு பிரீமியர் லீக். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஐந்தாவதாக நேஷனல் லீக். football-data.co.uk என்ற தளத்தில் இவை எல்லாவற்றின் முடிவுகளும் பந்தய விலைகளும் இலவசமாகக் கிடைக்கும். பிரீமியர் லீக் கோப்பு E0.csv, நேஷனல் லீக் EC.csv. பையன் எடுத்ததும் அங்கிருந்துதான்.

விலையை எப்படிப் படிப்பது? ஓர் அணி ஜெயித்தால் 1 ரூபாய்க்கு 2.10 ரூபாய் என்று விலை இருந்தால், 1-ஐ 2.10-ஆல் வகுக்க வேண்டும். 47.6 சதவீதம் வரும். அந்த விலையில் கையைக் கடிக்காமல் இருக்க அந்த அணிக்குத் தேவையான வாய்ப்பு அது. உதாரணத்துக்கு ஒரு பிரீமியர் லீக் ஆட்டம்: சொந்த அணி 2.10, டிரா 3.55, எதிரணி 3.70. மூன்றையும் வகுத்துக் கூட்டினால் 102.8 வரும். 100-க்கு மேல் இருக்கும் 2.8 புக்கியின் மார்ஜின். நம்ம பாஷையில் ஸ்ப்ரெட். அதே மாதிரி ஒரு நேஷனல் லீக் ஆட்டம்: 2.05, 3.30, 3.50. கூட்டினால் 107.6-க்குக் கொஞ்சம் மேல்.

இப்போது மார்ஜினைக் கழித்துவிட்டு, புக்கி உண்மையில் என்ன நினைக்கிறார் என்று பாருங்கள். பிரீமியர் லீக் ஆட்டத்தில் சொந்த அணிக்கு 46.3 சதவீதம். நமக்கு வேண்டியது 47.6. அதாவது புக்கியை விட 1.3 புள்ளி அதிகம் தெரிந்திருந்தால் கட்டுபடியாகும். நேஷனல் லீக் ஆட்டத்தில் அவர் நினைப்பது 45.3, நமக்கு வேண்டியது 48.8. மூன்றரைப் புள்ளி அதிகம் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் லாபமே இல்லாமல் தப்பிக்க மட்டும்.

இது தற்செயல் இல்லை. பிரீமியர் லீக்கில் யாருக்குத் தொடையில் பிடிப்பு என்பது வரை டிவியில் வந்துவிடும். பெரிய பணக்காரப் பந்தயக்காரர்கள் விலையைத் தள்ளித் தள்ளி, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அது ஏறக்குறைய சரியான இடத்துக்கு வந்துவிடும். அதனால் புக்கி குறைந்த மார்ஜினில் தைரியமாக வியாபாரம் செய்கிறார். ஐந்தாவது டிவிஷனில் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும், புக்கிக்குத் தெரியாது. தெரியாததற்குச் சேர்த்துத்தான் அவர் மார்ஜின் வைக்கிறார். நாம் பெரிய கம்பெனிக்குக் குறைந்த வட்டியிலும், கணக்குப் புத்தகம் இல்லாத சின்னக் கடைக்கு அதிக வட்டியிலும் கடன் தருவதில்லையா? அதேதான்.

சரி, நமக்கு நிஜமாகவே அதிகம் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 2.05 விலை அணிக்கு உண்மை வாய்ப்பு 52 சதவீதம் என்று நமக்கு மட்டும் தெரிகிறது. 0.52-ஐ 2.05-ஆல் பெருக்கினால் 1.066. நூறு பவுண்டுக்கு 6.6 பவுண்டு லாபம். பிரமாதமான எட்ஜ்! ஆனால் எவ்வளவு போட விடுவார்கள்? சின்ன லீக்கில் புக்கிகள் உச்சவரம்பு வைப்பார்கள். 50 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 3.30 பவுண்டு. வருஷம் 200 ஆட்டம் இப்படிக் கிடைத்தால் 660 பவுண்டு. அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் இதே 200 ஆட்டத்தில் சுமார் 720 பவுண்டு. எட்ஜ் நிஜமாகவே இருந்தாலும், ஐந்தாறு வருஷத்தில் ஒரு வருஷம் நஷ்டத்தில் முடியும். மேல் லீக்கில் ஒரே ஒரு சதவீத எட்ஜ் உள்ளவர் 5,000 பவுண்டு போட முடிந்தால் ஓர் ஆட்டத்துக்கு 50 பவுண்டு. சதவீதத்தைப் பார்க்கக் கூடாது, சதவீதத்தை எத்தனை ரூபாய் மேல் போட முடியும் என்று பார்க்க வேண்டும்.

உச்சவரம்பு கற்பனை இல்லை. டோக்கியோவில் இருந்த லிசாண்ட்ரோ கவுனிட்ஸும் இரண்டு நண்பர்களும் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல புக்கிகளின் சராசரி விலையை எடுத்து, அதைவிட நல்ல விலை யாராவது கொடுத்தால் அங்கே போடுவது, அவ்வளவுதான் உத்தி. நிஜப் பணத்தில் ஐந்து மாதத்தில் 265 பந்தயம், 8.5 சதவீத லாபம். அதன் பிறகு? புக்கிகள் அவர்கள் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள், கதை முடிந்தது.

பையனின் ஷீட்டுக்கு வருகிறேன். அவன் எடுத்திருந்த பத்தி MaxH. எல்லா புக்கிகளிலும் கிடைத்த மிக உயர்ந்த விலை அது. அது ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவரிடம் இருக்கும். பெரும்பாலும் யாரோ ஒருவர் விலையை மாற்ற மறந்த சில நிமிடங்கள். லீட்ஸில் ஒரே ஒரு கணக்கு வைத்திருப்பவனுக்கு அது கிடைக்காது. "இதை எடுத்துட்டு AvgH போட்டுப் பாருப்பா" என்றேன். சராசரி விலை அது. போட்டான். பச்சையாக இருந்த கடைசி வரிசை சிவப்பாகிவிட்டது. கீழ் டிவிஷன்களில் வித்தியாசம் அதிகம், ஏனென்றால் அங்கேதான் புக்கிக்கு புக்கி விலை அதிகம் விலகி நிற்கும். அவன் கண்டுபிடித்த எட்ஜ் ஆட்டத்தில் இல்லை, பத்தியில் இருந்தது.

எட்ஜ் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள மேல் லீக்கில் ஒரு நல்ல தராசு உண்டு. நாம் வாங்கிய விலையை, ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி விலையோடு ஒப்பிடுவது. 2.10-க்கு வாங்கினோம், கடைசியில் 2.00 ஆனது, இப்படித் தொடர்ந்து நடந்தால் நமக்கு ஏதோ தெரிகிறது என்று அர்த்தம். முடிவுகளுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சின்ன லீக்கில் இந்தத் தராசே சரியில்லை. கடைசி விலையைச் சரியாக்கும் பெரிய பணம் அங்கே வருவதில்லை, நாலு பேர் போட்டாலே விலை நகர்ந்துவிடும். ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்பதே தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கலாம்.

இன்னும் கீழே போனால், நம்மை விட அதிகம் தெரிந்தவர் ஆட்டக்காரராகவே இருப்பார். சின்ன டென்னிஸ் போட்டிகளின் நேரடி ஸ்கோரை 2012 முதல் பந்தயத்துக்காக விற்றார்கள். விமான டிக்கெட்டுக்கே காசில்லாத ஆட்டக்காரர்கள், உலகம் முழுக்கப் பந்தயம். விளைவு, கீழ்மட்டத்தில் ஆட்டத்தை விற்பது பெருகியது என்று 2018-ல் விசாரணைக் குழுவே சொன்னது. இங்கே குஜராத்தில் அதற்கும் ஒரு படி மேல். மெஹ்சானா மாவட்டம் மோலிபூரில் 2022-ல் வயல் வேலை ஆட்களுக்கு ஆட்டத்துக்கு 400 ரூபாய் கொடுத்து, சென்னை, மும்பை அணி ஜெர்ஸி மாட்டி, யூட்யூபில் ஒரு கிரிக்கெட் லீக் காட்டினார்கள். ரஷ்யாவில் இருந்தவர்கள் பந்தயம் கட்டினார்கள். பவுண்டரியா அவுட்டா என்று அம்பயருக்கு வாக்கி டாக்கியில் உத்தரவு போகும். யாரும் கவனிக்காத லீக் என்று தேடிப் போனவருக்கு லீக்கே பொய் :-)

அப்படியென்றால் கீழ் டிவிஷனில் தெரிந்த விஷயத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, வேறு கவுன்டரில். பந்தயத்தில் பணம் சம்பாதித்த மேத்யூ பென்ஹாம் 2012-ல் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் உரிமையாளர் ஆனபோது அது மூன்றாவது டிவிஷனில் இருந்தது. எண்களை வைத்து ஆட்டக்காரர்களை மலிவாக வாங்கினார்கள். ஆலி வாட்கின்ஸை 2017-ல் நான்காவது டிவிஷன் எக்ஸிடரிடமிருந்து வாங்கி, 2020-ல் ஆஸ்டன் வில்லாவுக்கு அதைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 2021-ல் பிரென்ட்ஃபோர்ட் பிரீமியர் லீக்கில். ஓர் ஆட்டக்காரரின் தப்பு விலைக்கு 50 பவுண்டு உச்சவரம்பு கிடையாது, ஜெயித்தவரின் கணக்கை யாரும் மூடுவதும் கிடையாது.

இரண்டு லட்சம் வைப்புத்தொகையிலேயே இருக்கிறது. பையன் இப்போது அதே கோப்பை வைத்து, டிவிஷனுக்கு டிவிஷன் மார்ஜின் எப்படி மாறுகிறது என்று கல்லூரி ப்ராஜெக்ட் செய்கிறான். அதற்கு AvgH போதும்.