டியூஷனில் குனியும் தலைகள்

எங்கள் தெருப் பையன், எட்டாவது படிக்கிறான். சாயங்காலமானால் வயிறு வலிக்கிறது என்பான். டியூஷன் டீச்சர் அவன் மார்க்கைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இவனுக்குப் பீஸ் கட்டறது தண்டம்" என்று மற்ற பிள்ளைகள் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். இது கண்டிப்பு இல்லைங்க, அவமானம்.

அவன் அம்மா "நீ என்ன பண்ணினே?" என்று கேட்கவில்லை. "என்ன சொன்னாங்க கண்ணு?" என்றுதான் கேட்டார். சொன்ன வார்த்தைகளைத் தேதியோடு எழுதி, குழுப்பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தார். பையனை அழைத்துப்போகாமல் டீச்சரைத் தனியே பார்த்து, "மார்க்கை எனக்கு மட்டும் அனுப்புங்க. எல்லார் முன்னாலயும் பேச வேண்டாம்" என்றார். டீச்சரின் பேச்சு மாறவில்லை. அம்மா டியூஷனை நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினால் படிப்பு கெடும் என்று தயங்குகிறோம். ஆனால் பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எதுவும் ஏறாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. ஆனால் அது பள்ளிகளுக்குத்தான். வீட்டு டியூஷன் அதில் வராது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமைப்படுத்தும் எவருக்கும் பொருந்தும். அடி, மிரட்டல், சாதிப்பேச்சு என்று போனால் தயங்காமல் 1098ஐ அழையுங்கள்.