நன்றியை எங்கே எழுதுவது?

பூதலூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் தமிழம்மாவுக்குப் பணி நிறைவு விழா. கணக்குப்படி அவருக்கு ஜனவரியிலேயே 60 வயது முடிந்துவிட்டது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறும் ஆசிரியர்களை, பிள்ளைகளின் படிப்பு கெடாமல் இருக்க ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்வது அரசுப் பள்ளிகளில் வழக்கம். ஆனால் மே கடைசியில் விழா வைத்தால் பள்ளியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அதனால் விடுமுறை தொடங்கும் முன்பே ஏப்ரலில் நாள் குறித்தார்கள்.

இந்த விழாக்களில் ஏற்புரையின் இடம் சங்கடமானது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்த பிறகுதான் விழா நாயகிக்கு மைக் வரும். அதற்குள் சமையல் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்துவிடும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நெளியத் தொடங்கிவிடுவார்கள். பத்து நிமிடத்துக்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது தமிழம்மாவுக்குத் தெரியும். அவர் கேட்ட ஏற்புரைகளே எத்தனையோ.

முதலில் இரண்டு பக்கம் எழுதினார். ‘ஒத்துழைப்பு நல்கிய அனைத்து ஆசிரியப் பெருமக்களுக்கும், அலுவலக நண்பர்களுக்கும்’ என்று போனது அது. படித்துப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: “பள்ளிக்கூடப் பேரை மாத்திட்டா இதை யார் வேணும்னாலும் படிக்கலாம்டி.”

அந்தத் தாளைத் திருப்பி வைத்து வேறு மாதிரி தொடங்கினார். இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் அவர் செய்த ஒரு காரியம். காரியம் நினைவுக்கு வராவிட்டால் ‘அனைவரும்’ என்று நிரப்பாமல், வரும்வரை யோசித்தார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் தன் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட கணக்கு சார். சோளகம்பட்டிப் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் பையன் தாமதமானாலும் ஒரு தட்டுச் சோறு மூடி வைத்த சத்துணவு அக்கா. நடவுக் காலத்தில் வயலுக்குப் போய்விட்ட பிள்ளைகளின் வீட்டுக்கு மாலையில் கூடவே நடந்து வந்த இளைய டீச்சர். இப்படி எட்டுப் பேர் தேறினார்கள். விட்டுப்போகும் பெயர்தான் இந்த விழாவில் மனத்தாங்கலாக மாறும். அது பெரும்பாலும் மேடையில் நாற்காலி போடப்படாதவர்களின் பெயராகவே இருக்கும். எனவே சமையல் கூடத்தையும் பெருக்குகிற அம்மாவையும் பட்டியலின் முதலிலேயே வைத்தார்.

மாணவர்களுக்கு அறிவுரை சொல்லாமல் ஒரு கதை சொல்லத் தீர்மானித்தார். இதே தஞ்சை மண்ணில், கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். 1880-ல் அவர் வேலையிலிருந்து விலகியபோது, தன் இடத்துக்கு ஒருவரைத் தேடி வைத்துவிட்டுத்தான் போனார். திருவாவடுதுறை மடத்தில் இருந்த 25 வயது இளைஞர் அவர். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். அந்த இளைஞர்தான் உ.வே.சாமிநாதையர். அதே ஆண்டு கும்பகோணத்தில்தான் அவர் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைத் தேடிப் படிக்கத் தூண்டியது அந்தச் சந்திப்பு. 1887-ல் அந்த நூல் அவர் பதிப்பில் அச்சேறியது. பின்னாளில் சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்கு உ.வே.சா. வைத்த பெயர் ‘தியாகராஜ விலாசம்’. மேடையில் சொன்னால் மறந்துபோகும் நன்றியை அவர் வாசலில் எழுதி வைத்தார்.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு, தமிழம்மா பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். அவருக்குப் பிறகு யார் வருவார் என்பது யாருக்கும் தெரியாது. மாறுதல் கலந்தாய்வு நடந்து ஆள் வரும்வரை அந்த இடம் காலிதான். செட்டியாரைப் போல ஆளைத் தேடி அமர்த்தும் அதிகாரம் இன்றைய ஆசிரியருக்கு இல்லை. அதற்குப் பதிலாகத் தெரிந்ததை எழுதி வைக்கலாம். எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் பதினோரு பேருக்கு இன்னும் தடங்கலின்றி வாசிக்க வரவில்லை. யாருக்கு ல, ள, ழ குழம்புகிறது, யாருக்குக் கூட்டெழுத்து வரவில்லை, யார் கண்ணாடி போட்டால் சரியாகிவிடுவார், யாரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவார் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். எந்தப் பக்கத்தையும் மேடையில் படிக்கவில்லை. பிள்ளைகளுக்கு எதிரில் அது அவமானம்.

நோட்டை இளைய டீச்சரிடம் நீட்டினார். “புதுசா வர்றவங்ககிட்ட குடுத்துடும்மா. அவங்க வர்ற வரைக்கும் நீ பாத்துக்க.”

“நான் சயின்ஸ் டீச்சர்ம்மா...”

“வாசிக்க வராத பிள்ளைக்கு சயின்ஸ் மட்டும் எப்படிம்மா வரும்?”

ஏற்புரை ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. சாப்பாட்டுப் பந்தி கலைந்த பிறகும் இளைய டீச்சர் வேப்பமரத்தடியில் நின்று ஏழாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரமே அந்தப் பையனைக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.