ஏழாம் சீற்

எங்கட வீட்டில் ஒரு நீல மட்டை சி.ஆர். கொப்பி இருக்கிறது. அப்பா ஓட்டுகிற பள்ளிக்கூட வானின் கணக்குக் கொப்பி. கம்பஸ் ஸ்ட்ரைக்கில் மூடிக் கிடந்த மாதங்களில் அக்காவும் தம்பியுமாக நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி அந்த வானில் உதவிக்குப் போனோம். கொப்பியும் எங்கட கைக்கு வந்தது. அதில் நாங்கள் போட்ட ஒரு பிழையான புள்ளடியைப் பற்றித்தான் இது.

வான் பழைய டொல்பின். பிள்ளைகள் 14 பேர். மல்லாகத்தில் தொடங்கி சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கொக்குவில் என்று கே.கே.எஸ். வீதியால் இறங்கி யாழ்ப்பாணம் டவுனுக்கு வரும். ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி. ஒன்றரைக்குத் திரும்பவும் ஏற்ற வேணும்.

சீற் பிரிக்கிறது லேசான வேலை என்றுதான் முதலில் நினைத்தோம். முதல் நாள் பிள்ளைகளை விரும்பின இடத்தில் இருக்க விட்டோம். முதலில் ஏறின மல்லாகத்துப் பிள்ளைகள் கதவடியிலேயே இருந்துவிட்டார்கள். பிறகு ஏறின ஒவ்வொருவரும் அவர்களின் முழங்காலைத் தாண்டித்தான் பின்னுக்குப் போக வேண்டியிருந்தது. கொக்குவிலுக்கு வரும்போதே பத்து நிமிசம் பிந்திவிட்டோம். அப்பா சிரித்தார். "முதல் ஏறுறவன் கடைசியா இறங்குவான். அவனைப் பின்னுக்கு விடு" என்றார். அப்படியே செய்தோம். கடைசியாக ஏறுகிற கொக்குவில் பிள்ளைகளுக்குக் கதவடிச் சீற். பின்னேரம் அவர்கள்தான் முதலில் இறங்குவார்கள் என்பதால் திரும்பி வரும்போதும் ஒருவரும் ஒருவரைத் தாண்டத் தேவையில்லை. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையை விடக்கூடாது, அங்கே ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை இருக்க வேணும். சத்தி எடுக்கிற பிள்ளைக்கு யன்னல் கரை. இப்படி 1 முதல் 14 வரை இலக்கம் போட்டு ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு பெயர் எழுதினோம். அதுக்குப் பிறகு தலை எண்ணத் தேவையில்லை. வெறுமையாக இருக்கிற சீற்றைப் பார்த்தாலே யார் இல்லை என்று தெரியும்.

இறங்குமிடத்திலும் ஒரு விசயம் இருந்தது. வான் கதவு இடப்பக்கம். காலமை டவுனுக்கு வரும்போது வீதியின் கிழக்குக் கரையில் நிற்கிற பிள்ளை அப்படியே ஏறும். பின்னேரம் அதே பிள்ளையை இறக்கும்போது வான் நிற்பது மேற்குக் கரையில். பிள்ளை வீதியைக் கடந்துதான் வீட்டுக்குப் போகவேணும். ஆகவே கொப்பியில் சில பிள்ளைகளுக்கு இரண்டு இடங்கள் எழுதினோம்: ஏறுகிற இடம், இறங்குகிற இடம். அந்தப் பிள்ளைகளை நாங்கள் இறங்கிக் கையைப் பிடித்துக் கடத்திவிட்டுத்தான் வான் எடுப்போம்.

இவ்வளவையும் யோசித்த நாங்கள் வரவுக்கு மட்டும் ஒரு நாளுக்கு ஒரு பெட்டிதான் கீறியிருந்தோம். வந்தால் சரி, வராவிட்டால் புள்ளடி.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழாம் சீற், நாலாம் ஆண்டு படிக்கிற இணுவில் பிள்ளை. காலமை அவவின் அம்மா வட்ஸ்அப் குறூப்பில் எழுதியிருந்தா: "இண்டைக்குப் பிள்ளை வானில வராது." புள்ளடி போட்டோம். இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல், அதுக்கும் ஒரு புள்ளடி. பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் கொப்பியைப் பார்த்தோம். 14இல் 2 போக 12. வானுக்குள் 12 பேர். கணக்குச் சரி என்று கதவை இழுத்துச் சாத்தினோம்.

கொக்குவிலில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டு நிற்கிறபோது அப்பாவின் போன் அடித்தது. பள்ளிக்கூடக் காவலாளி. "உங்கட வான் பிள்ளை ஒண்டு இங்க நிண்டு அழுகுது."

நடந்தது இதுதான். அண்டைக்குக் காலமை அந்தப் பிள்ளைக்குப் பல்லுக் கிளினிக். அப்பா மோட்டச்சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார். பின்னேரம் வானில் வரும் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அவையள் எழுதினதிலும் பொய் இல்லை, காலமை பிள்ளை வானில் வரவில்லைத்தான். பிழை எங்கட பெட்டியில் இருந்தது. காலமை போட்ட புள்ளடி பின்னேரத்துக்கும் சேர்த்து அந்தப் பிள்ளையை இல்லாமல் ஆக்கிவிட்டது. ஏழாம் சீற் வெறுமையாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நாங்கள் பார்த்தோம். புள்ளடி இருந்தபடியால் அதைக் கேள்வியாக எடுக்கவில்லை.

அப்பா அந்த இடத்திலேயே வானைத் திருப்பினார். மிச்சப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்கள் கோல் எடுத்துப் பிந்தும் என்று சொன்னோம். போய்ச் சேரப் பிள்ளை காவலாளியின் கதிரையில் இருந்தது. அழுது முடித்திருந்தது. எங்களைப் பார்த்து "என்னை மறந்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டது. மறக்கவில்லை, எழுதி வைத்திருந்தோம் என்று எப்படிச் சொல்லுறது?

அண்டிரவு கொப்பியில் புதுப் பக்கம் கீறினோம். ஒரு நாளுக்கு இரண்டு பெட்டி, காலமைக்கு ஒன்று, பின்னேரத்துக்கு ஒன்று. புள்ளடியை எடுத்துவிட்டு மூன்று எழுத்து வைத்தோம். 'வீ' என்றால் பிள்ளை வீட்டில், பள்ளிக்கூடமே வராது. 'வே' என்றால் வேறு வழியில் பள்ளிக்கூடம் போகுது. 'தெ' என்றால் ஒன்றும் தெரியாது. 'தெ' போட்டால் மணி அடிக்க முந்தி வீட்டுக்குக் கோல் எடுக்க வேணும், பதில் வந்த பிறகு அதை 'வீ' அல்லது 'வே' ஆக மாற்ற வேணும். பின்னேரப் பெட்டி எப்போதும் வெறுமையாகத்தான் தொடங்கும். அதில் 'வீ' இருந்தாலோ, "பின்னேரமும் வராது" என்று வீட்டார் சொல்லியிருந்தாலோ தவிர, 14 பேரும் வருவார்கள் என்றே எடுப்போம். குறூப்பில் யாரும் "வராது" என்று எழுதினால் உடனே திருப்பிக் கேட்போம்: "காலமை மட்டுமோ, பின்னேரமுமோ?"

இதுக்கு நேரம் செலவாகும். சில வீடுகளில் போன் எடுக்கவே மாட்டார்கள். அப்போது ஒருவர் இறங்கி வகுப்பு ரீச்சரிடம் போய்ப் பிள்ளை இண்டைக்கு வந்ததா என்று கேட்டு வரும்வரை வான் வாசலில் நிற்கும். பின்னால் நிற்கிற வான்காரர் ஹோன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

இரண்டு மாதம் போகப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். பதினோராம் சீற், சுன்னாகத்துப் பெடியன். இரண்டு மாதமும் 25ஆம் திகதிக்குப் பிறகு அவனுக்கு வரிசையாக 'வே', இரண்டு பெட்டியிலும். பழைய பக்கங்களில் அதே நாட்களில் புள்ளடி இருந்தது. அப்போது அடிக்கடி வருத்தம் வாற பிள்ளை என்று நினைத்திருந்தோம். வருத்தம் இல்லை. வான் காசு கட்ட முடியாத கிழமைகளில், கேட்டுவிடுவோமோ என்ற வெட்கத்தில், தகப்பன் அவனைச் சைக்கிளில் ஏற்றி அவ்வளவு தூரம் மிதித்திருக்கிறார்.

அம்மா அவையளின் வீட்டுக்குப் போய்க் கதைத்தா. இப்போது அவர்கள் காசை இரண்டு பாதியாகக் கட்டுகிறார்கள். போன மாதம் 25ஆம் திகதிக்குப் பிறகும் பதினோராம் சீற்றில் ஆள் இருந்தது.

கம்பஸ் திறந்துவிட்டது. கொப்பி இப்போது அம்மாவிடம். ஏழாம் சீற் பிள்ளை மட்டும் இன்னும் ஏறினவுடன் கொப்பியை வாங்கித் தன் பின்னேரப் பெட்டியைத் தானே பார்த்துக்கொள்கிறதாம்.