பூச்சி மாத்திரையும் ஒரு வகுத்தல் கணக்கும்

சின்னமனூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2015 பிப்ரவரி 10-ல் தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியதிலிருந்து, பணியில் இருந்தவரை மாத்திரைப் பதிவேடு என் கையில்தான். பூச்சி மாத்திரை கொடுப்பது சுலபம். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வதுதான் கடினம்.

கொடுப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு மட்டும் பாதி. கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நம் கண்முன்னே மென்று விழுங்க வேண்டும். அன்று காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு.

ஒரு பள்ளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் 320 பேர். மாத்திரை நாளில் வந்தவர்கள் 282. ஆறு பேருக்குக் காய்ச்சல். 14 பேர், "அம்மா வேண்டான்னு சொல்லிருச்சு சார்" என்று வாயை மூடிக்கொண்டார்கள். விழுங்கியவர்கள் 262. வந்தவர்களால் வகுத்தால் 93 சதவீதம். பதிவேட்டால் வகுத்தால் 82. அடுத்த வாரம் இன்னும் 30 பேர் சாப்பிட, 292 பேர், 91 சதவீதம் ஆகிறது. ஆனால் ஊரில் எந்தப் பள்ளியிலும் பெயரில்லாத பிள்ளைகள் 40 பேர் இருந்தால், 360-ஆல் வகுக்க வேண்டும், அப்போது 81. மாத்திரை அதே மாத்திரை, பிள்ளைகளும் அதே பிள்ளைகள். கீழே போடும் எண்தான் மாறுகிறது. பதிவேட்டை மட்டும் நம்பாமல், சில வாரம் கழித்து வெளியாள் ஒருவர் வீடு வீடாகப் போய், "நீ முழுங்கினியா?" என்று கேட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது குறைந்தது 75 சதவீதம். அதைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. விட்டுப்போன 68 பேர் யார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு பிள்ளைகள் விடுபட்டால் பெரிய பாதகமில்லை. இந்த முறை தவறியவன் அடுத்த முறை சாப்பிட்டுவிடுவான். ஒவ்வொரு முறையும் அதே பிள்ளைகள் விடுபட்டால், அவர்கள் வயிற்றிலிருந்து முட்டைகள் மண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பள்ளிக்கு ஒழுங்காக வராதவனும், செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போகிறவனும் பெரும்பாலும் ஒரே பிள்ளைதான்.

இனி மறுதொற்று. அல்பெண்டசோல் வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை வரப்போகும் புழுவைத் தடுக்காது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஒரு கட்டுரையின்படி, மருந்துக்கு முன் 100 பேருக்கு உருண்டைப்புழு இருந்தால், ஆறு மாதத்தில் அது 68 பேர் அளவுக்குத் திரும்பிவிடுகிறது, ஓராண்டில் 94. கொக்கிப்புழு ஓராண்டில் 57. ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்தால், உருண்டைப்புழு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. நம் நாட்டில் பிப்ரவரி, ஆகஸ்ட் என்று இரண்டு சுற்று வைத்திருப்பதன் பொருள் இதில் விளங்கும்.

கொக்கிப்புழு மெதுவாகத் திரும்புகிறது. ஆனால் அதைப் பள்ளியை மட்டும் வைத்து ஒழிக்க முடியாது. உருண்டைப்புழு பிள்ளைகளிடம் அதிகம். கொக்கிப்புழு வயது ஏற ஏறக் கூடும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அதன் குஞ்சுப்புழு சில வாரம் உயிரோடிருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். நம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற தாய் தகப்பனை நினைத்துப் பாருங்கள். வெட்டவெளியில் ஒதுங்கும் பெரியவர் ஒருவருக்குப் புழு இருந்தால், மாத்திரை சாப்பிட்ட பிள்ளை அந்த மண்ணில்தான் நடக்கிறது.

அப்படியானால் ஊர் முழுவதற்கும் கொடுத்தால் என்ன? இதைச் சோதிக்கவே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் 'டீவார்ம்3' ஆய்வை நடத்தினார்கள். 40 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் பிள்ளைகளுக்கு மட்டும், பாதியில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை, மூன்று ஆண்டுகள். தமிழ்நாட்டில் இப்போது 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் நீங்கலாக, மாத்திரை தருகிறார்கள்.

புழு குறைந்ததா என்பதை மாத்திரை எண்ணிக்கை சொல்லாது. மலப் பரிசோதனைதான் சொல்லும். அதிலும் ஒரு சூட்சுமம். கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் கேட்டோ-கேட்ஸ் முறையில், கொக்கிப்புழு முட்டை ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து மறைந்துவிடும். மாதிரியைக் காலையில் எடுத்து, தகட்டைச் சாவகாசமாக மதியம் பார்த்தால் ஊரில் கொக்கிப்புழுவே இல்லை என்று முடிவு வரும். அதனால் யாராவது, "எங்க ஊர்ல கொக்கிப்புழு இல்லை" என்று அறிக்கையைக் காட்டினால், தகடு பூசி எத்தனை நிமிடத்தில் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.